நாடியது மட்டும் நம் கண்ணில் படும்போது

(மட்டக்களப்பில் நடந்த தொழிலாளர் குடும்ப வகுப்பில் சங்கத்தின் கல்விக் குழு சார்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மலையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து சேர்ந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். 77, 83 கலவரங்களுக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வந்து, வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் குடியிருக்கும் குடும்பங்களும் இருக்கிறீர்கள். இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து யோசிக்க வேண்டிய ஒரு விஷயத்தைத்தான் இன்றைக்கு எடுத்திருக்கிறோம். பேச்சைத் தொடங்குமுன் ஒரு சின்ன விளையாட்டு விளையாடுவோம்.

கரும்பலகையில் 2, 4, 6 என்று மூன்று இலக்கங்கள் எழுதியிருக்கிறோம். இவை ஒரு விதிப்படி எழுதப்பட்டவை. அந்த விதியை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். நீங்களாக மூன்று இலக்கங்கள் சொல்லுங்கள். அவை விதிக்குப் பொருந்தினால் "சரி" என்போம், பொருந்தாவிட்டால் "இல்லை" என்போம்.

முன்வரிசைத் தம்பி 8, 10, 12 என்கிறார். சரி. பின்னாலிருக்கும் அக்கா 20, 22, 24 என்கிறார். அதுவும் சரி. 100, 102, 104? சரிதான். இப்போது எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறீர்கள்: "இரண்டிரண்டாகக் கூடிப்போகும் இலக்கங்கள்." அது விதியில்லை.

விதி இவ்வளவுதான்: ஒன்றைவிட அடுத்தது பெரிதாக இருக்க வேண்டும். 1, 7, 50 என்று சொல்லியிருந்தாலும் "சரி" என்றுதான் சொல்லியிருப்போம். 6, 4, 2 என்று கேட்டிருந்தால் "இல்லை" என்றிருப்போம், அப்போது உங்களுக்கு ஒரு வழி தெரிந்திருக்கும். ஆனால் யாரும் அப்படிக் கேட்கவில்லை. மனதில் வந்த விடைக்குப் பொருந்தும் இலக்கங்களையே திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். ஒவ்வொரு "சரி"யும் உங்கள் நம்பிக்கையை வளர்த்தது, ஆனால் விதிக்குக் கிட்ட ஓரடிகூடக் கொண்டுபோகவில்லை.

வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த விளையாட்டை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பீற்றர் வேசன் என்ற உளவியலாளர் மாணவர்களிடம் வைத்துப் பார்த்து 1960இல் எழுதினார். படித்த மாணவர்கள் 29 பேரில், பிழையான விடை எதுவும் சொல்லாமல் முதற்தடவையே சரியாகச் சொன்னவர்கள் 6 பேர் மட்டும். ஒன்றை நம்பிவிட்டால் அதற்குச் சாதகமானதையே தேடுவது, சாதகமானதையே ஞாபகம் வைப்பது, எது வந்தாலும் சாதகமாகவே அர்த்தம் எடுப்பது, இந்த மூன்றும் சேர்ந்த பழக்கத்துக்கு உறுதிப்படுத்தல் சார்பு என்று பெயர். நம் முன்னோர்கள் இதைச் சுருக்கமாகவே சொல்லி வைத்தார்கள்: அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

இலக்க விளையாட்டில் தோற்றால் யாருக்கும் நட்டமில்லை. இனி, உயிர் போன ஒரு சங்கதிக்கு வருவோம்.

2011 ஓகஸ்ட் மாதம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கிறீஸ் பூதம். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய ஆட்கள் இரவில் வந்து பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற கதை. ஊவாத் தோட்டங்களில் அது காதுக்கு வந்தது. சில நாட்களுக்குள் கிழக்குக் கரைக்கு வந்தது. பொத்துவில், மட்டக்களப்பு, கிண்ணியா, பிறகு புத்தளம், யாழ்ப்பாணம் என்று பரவியது. லயத்தில் கொழுந்தெடுக்கும் பெண்கள் தனியாக மலைக்குப் போகப் பயந்தார்கள். இங்கே வாவிக்கரை ஊர்களில் ஆண்கள் பொல்லோடு விடிய விடியக் காவல் இருந்தார்கள். ஹப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் இரண்டு ஆண்களைக் கிறீஸ் பூதமென்று கூட்டம் கொன்றது. புத்தளத்தில் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள் கூட்டத்தால் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் மக்கள் ஒருவரைத் துரத்திப்போய்ப் படையினரோடு முரண்பட்ட இரவில், படையினர் வீடுவீடாகப் புகுந்து ஆண்களை அடித்துப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அந்த இரவுகளில் நம் தலைக்குள் என்ன நடந்தது என்று இப்போது ஆறுதலாகப் பார்ப்போம். நாய் குரைத்தது. எந்த இரவில் நாய் குரைக்கவில்லை? ஜூன் மாதமும் குரைத்தது, ஆனால் ஜூனில் யாரும் அதை எண்ணவில்லை. வாழைத்தோட்டத்தில் கால் தடம் தெரிந்தது. பகலில் வேலை செய்தவரின் தடமாக இருக்கலாம். ஆனால் காலையில் தடம் தேடிப் போனவர்களுக்குத் தடம் கிடைத்தது, அவ்வளவுதான். ஓட்டில் சத்தம் கேட்டது. மரநாயோ பூனையோ என்று வழமையாகச் சொல்லும் வீட்டில்கூட அன்றைக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. தேடுவது என்ற முதற்பகுதி இதுதான்.

அடுத்தது அர்த்தம் எடுப்பது. பிடிபட்ட ஆளின் உடம்பில் கிறீஸ் இருந்தால் அவன் பூதம். கிறீஸ் இல்லாவிட்டால், "துடைச்சிட்டான்." ஓடினவன் முகாம் பக்கம் போனால் அது சாட்சி. வேறு பக்கம் போனால், "சுத்திப் போறான்." இரவு யாரும் வரவில்லையென்றால், "நாங்க காவல் நிண்டதால வரல்ல." இதை நன்றாகக் கவனியுங்கள். கிறீஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வந்தாலும் வராவிட்டாலும், எல்லாமே ஒரே முடிவுக்குத்தான் வந்தது. எது நடந்தாலும் பிழையாகப் போக முடியாத ஒரு கதையை நாம் நம்பிக்கொண்டிருந்தோம். எதனாலும் பிழையாக்க முடியாத கதைக்கு சாட்சி என்று ஒன்றுமே கிடையாது. 2, 4, 6 விளையாட்டில் "சரி, சரி" என்று கேட்டுக்கொண்டிருந்தோமே, அதே நிலைதான்.

மூன்றாவது, எண்ணிக்கை. "எங்கட ஊரில இருபது பேர் கண்டிருக்காங்க" என்று அன்றைக்குப் பேசினோம். அந்த இருபதில் தன் கண்ணால் கண்டவர் எத்தனை பேர், கண்டவரிடம் கேட்டவர் எத்தனை பேர், கேட்டவரிடம் கேட்டவர் எத்தனை பேர்? ஒரே சம்பவம் ஆறு வாயால் வந்தால் ஆறு சம்பவமாகக் காதில் விழும். அந்தப் பிரிப்பை அன்றைக்கு யாரும் செய்யவில்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். "எல்லாம் வெறும் வதந்தி, மக்கள் மூடர்கள்" என்று பேசியவர்களும் இதே பிழையைத்தான் செய்தார்கள். தாங்கள் தாக்கப்பட்டதாகச் சில பெண்கள் முறையிட்டார்கள், காயத்தையும் காட்டினார்கள். முப்பது வருட யுத்தத்தில், இரவில் வந்தவர்களால் பிள்ளைகளைப் பறிகொடுத்த கரை இது. பயப்பட இங்கே காரணம் இருந்தது. ஆனால் "வதந்தி" என்று முன்கூட்டியே முடிவெடுத்த அதிகாரிக்கு, அழுதுகொண்டு வந்த பெண்ணின் முறைப்பாடும் வதந்தியாகவே தெரிந்தது. பூதம் என்று முடிவெடுத்த கூட்டத்துக்கு வழிப்போக்கனும் பூதமாகத் தெரிந்தான். இரண்டு பக்கமும் ஒவ்வொரு சம்பவத்தையும் தனித்தனியாக விசாரிக்கவில்லை. உண்மையாகத் தாக்கப்பட்ட பெண்ணுக்கும் நியாயம் கிடைக்கவில்லை, வழியில் அகப்பட்ட அப்பாவிக்கும் கிடைக்கவில்லை.

அப்படியானால் என்ன செய்திருக்கலாம்? யாரையாவது பிடித்தால், அடிக்குமுன் ஒரு கேள்வி: "இவன் பூதமில்லையென்றால் அது நமக்கு எப்படித் தெரியவரும்?" அடையாள அட்டை இருக்கும், பக்கத்து ஊரில் தெரிந்த ஆள் இருப்பார், வேலை செய்யும் இடம் இருக்கும். அதை விசாரிக்கப் பத்து நிமிடம் போதும். சாதகமான அடையாளத்தைத் தேடினால் எந்த மனிதனிலும் ஒன்று கிடைக்கும். எதிரான அடையாளத்தைத் தேடிப் பார்த்து, அது கிடைக்காமல் போனால்தான் சந்தேகத்துக்குக் கொஞ்சமாவது பலம் வருகிறது.

இனிப் பத்திரிகைக்கும் போனுக்கும் வருவோம். பூதத்தை விட்டுவிட்டு, நம் சம்பளத்தையே எடுப்போம்.

2024 மே 1ஆம் திகதி, கொட்டகலை மேதினக் கூட்டத்தில் அன்றைய ஜனாதிபதி, தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1700 ரூபாய் என்று அறிவித்தார். அதற்கு முன் 2021 முதல் 1000 ரூபாய். செய்தி வந்த அன்றைக்கே ஒவ்வொரு லயத்திலும் இரண்டு கட்சி உருவானது. ஒரு காம்பிராவில் "1700 கிடைச்சாச்சு" என்று மேடைப் படத்தை வட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பினார்கள். அடுத்த காம்பிராவில் "ஒரு சதமும் வராது, தேர்தல் நாடகம்" என்றார்கள்.

பிறகு நடந்தது என்ன? கம்பனிகள் எதிர்த்தன, நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வர்த்தமானி மீளப்பெறப்பட்டது. செப்டெம்பரில் சம்பளச் சபையூடாக அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று முடிவானது. இந்த நான்கு மாதமும் அந்த இரண்டு காம்பிராவும் ஒரே செய்திகளைத்தான் வாசித்தன. முதல் காம்பிரா அறிவிப்பை வாசித்தது, வர்த்தமானியை வாசித்தது, நீதிமன்றச் செய்தியை "கம்பனிக்காரன் சதி" என்று தள்ளிவிட்டது. இரண்டாவது காம்பிரா நீதிமன்றச் செய்தியைத் தலையில் வைத்துக் கொண்டாடியது, 1350 வந்தபோது "சொன்னோமே, ஏமாத்திட்டாங்க" என்றது. 1000 ரூபாய் 1350 ஆனதை அது எண்ணவேயில்லை. 1700 வரவில்லை என்பதும் உண்மை. 350 ரூபாய் கூடியது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து வாசித்த வீடுகள் குறைவு.

இதில் நம்மையும் விட்டுவைக்க வேண்டாம். ஒரு சங்கத்தின் அங்கத்தவர் தன் தலைவர் சொன்ன செய்தியை ஒருதரம் வாசித்துவிட்டு நம்புவார். மற்றச் சங்கத் தலைவர் சொன்னால் பத்துத்தரம் குடைந்து குறை கண்டுபிடிப்பார். குடைவது நல்ல பழக்கம்தான். ஒரு பக்கத்தை மட்டும் குடைவதில்தான் பிழை இருக்கிறது. நம் செய்தி ஏடு உட்பட எந்தத் தாளை வாசித்தாலும், மனதுக்குப் பிடித்த செய்தியைத்தான் முதலில் குடைய வேண்டும், ஏனென்றால் அதைத்தான் நாம் சோதிக்காமல் விழுங்குகிறோம்.

சம்பளச் செய்திக்கு ஒரு சுலபமான வழி உண்டு. செய்தி வந்த அன்றைக்கே, விவாதம் சூடேறுமுன், இரண்டு பக்கமும் சேர்ந்து ஒன்றை எழுதி வையுங்கள்: "இது உண்மையென்றால் எந்த மாதச் சம்பளத் துண்டில், எந்த வரியில், எந்தத் தொகை தெரிய வேண்டும்?" மே மாத அறிவிப்பு நடைமுறைக்கு வந்திருந்தால் ஜூன் வேலைக்கான சம்பளத் துண்டில் அது தெரிந்திருக்க வேண்டும். அந்தத் துண்டு வரும்போது எழுதியதை எடுத்துப் பாருங்கள். முன்கூட்டி எழுதாவிட்டால், துண்டு வந்த பிறகு நாம் சொன்னதற்கு ஏற்ற மாதிரி ஒரு விளக்கத்தை மனம் தானாகத் தயாரித்துவிடும்.

கடைசியாக வீட்டுக்குள் போவோம். வகுப்புக்கு வந்த அம்மாமார் காத்திருப்பது இதற்காகத்தான் என்று தெரியும்.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். மனைவியின் தம்பி அடிக்கடி வந்து போகிறவர். கணவர் ஒருநாள் வெடிக்கிறார்: "உன் தம்பி வந்து போனாலே டப்பாவில காசு குறையுது. நான் கவனிச்சுத்தான் சொல்றேன்." மனைவிக்கு நெஞ்சு கொதிக்கிறது. "என் வீட்டு ஆளுன்னா உங்களுக்கு ஆகாது, கலியாணம் கட்டின நாள்ல இருந்து இப்படித்தான்" என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவர் தம்பி வந்து காசு குறைந்த நாட்களை ஞாபகம் வைத்திருக்கிறார். அவர் மனைவி தன் வீட்டாரை அவர் குறை சொன்ன நாட்களை ஞாபகம் வைத்திருக்கிறார்.

ஒரு மாதம் கலண்டரில் குறிக்கிறார்கள் என்று வைப்போம். எது "குறைவு" என்று முதலிலேயே பேசி முடிவெடுக்க வேண்டும். இரவு எண்ணி வைத்த காசில், எழுதாத செலவு 100 ரூபாய்க்கு மேல் போனால் குறைவு என்று வைப்போம். 30 நாள் முடிந்ததும் நாட்களை நான்கு பெட்டியாகப் பிரிக்கிறார்கள். தம்பி வந்து காசு குறைந்த நாள் 2. தம்பி வந்தும் குறையாத நாள் 4. தம்பி வராமல் காசு குறைந்த நாள் 8. வராமல், குறையாமல் போன நாள் 16.

கணவரின் ஞாபகத்தில் இருந்தது முதல் பெட்டி மட்டும், அந்த 2 நாள். மற்ற மூன்று பெட்டிக்கும் அவர் மனதில் இடமில்லை. ஆனால் விடை இருப்பது நான்கையும் ஒப்பிடுவதில். தம்பி வந்த 6 நாளில் 2 நாள் குறைந்தது, மூன்றில் ஒரு பங்கு. தம்பி வராத 24 நாளில் 8 நாள் குறைந்தது, அதுவும் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே தம்பி வருவதற்கும் காசு குறைவதற்கும் தொடர்பு தெரியவில்லை. காசு குறைந்த 10 நாளையும் மட்டும் எடுத்து, அந்த நாட்களில் வேறு என்ன நடந்தது என்று இப்போது பார்க்கலாம். கடைக் கொப்பிக்குக் கட்டிய சில்லறையா, பிள்ளையின் ரியூஷன் காசா, மாலையில் யாராவது எடுத்த ஒரு போத்தலா என்று அங்கேதான் தெரியும். கலண்டர் இல்லாவிட்டால் அந்தத் தம்பி வாழ்நாள் முழுக்கக் கள்வனாக இருந்திருப்பார்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. ஆறு நாளும் வந்து, ஆறு நாளும் குறைந்து, வராத நாளில் குறையவேயில்லை என்றால், அப்போது கணவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எண்ணிப் பார்ப்பது யாரையும் காப்பாற்றுவதற்காகச் செய்வதில்லை. விடை எந்தப் பக்கம் வந்தாலும் ஏற்பேன் என்று தொடங்குமுன் இரண்டு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு மாதம் என்பது சின்னக் கணக்கு, அதை வைத்துக் கல்லில் எழுதவும் முடியாது. இன்னொன்று, அடி, உதை நடக்கும் வீட்டில் கலண்டர் குறித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அங்கே உடனே உதவி கேட்க வேண்டும்.

"நீங்க எப்பவுமே," "நீ ஒருநாளும்" என்ற சொற்கள் வாயில் வரும்போது கொஞ்சம் நில்லுங்கள். "எப்பவுமே" என்ற சொல் முதல் பெட்டியிலிருந்து மட்டும் பேசுகிறது. பிந்தி வந்த நாள் மனதில் நிற்கும், நேரத்துக்கு வந்த நாளில் ஒன்றுமே நடக்காததால் அது நிற்காது. அதற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது, ஞாபகம் வேலை செய்யும் விதமே அது.

எங்கள் தோட்டக் கமிட்டிகளுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். ஒரு கணக்கப்பிள்ளை மேல், ஒரு வெளியாள் மேல், அல்லது நம்மில் ஒருவர் மேல் குற்றச்சாட்டு வந்தால், கூட்டத்தில் ஒருவரிடம் ஒரு வேலையை ஒப்படையுங்கள். "இந்தக் குற்றச்சாட்டு பிழையாக இருந்தால் அதை எதில் காணலாம்" என்று தேடிக்கொண்டு வருவது அவருடைய வேலை. அவரைத் துரோகி என்று யாரும் சொல்லக் கூடாது. ஒவ்வொரு முறையும் வேறொருவர் அதைச் செய்யட்டும். அவர் தேடியும் ஒன்றும் கிடைக்காவிட்டால், நிர்வாகத்தின் முன் நம் வழக்கு முன்பைவிடப் பலமாக நிற்கும், ஏனென்றால் துரையின் வக்கீல் கேட்கப்போகும் கேள்வியை நாமே முதலில் கேட்டு முடித்திருப்போம்.

2011இல் ஹப்புத்தளையில் அந்த இரண்டு பேரைச் சூழ்ந்து நின்றவர்களும் நம்மைப்போல உழைத்துக் களைத்த ஆட்கள்தான், பெண்பிள்ளைகளைக் காப்பாற்ற வந்தவர்கள்தான். அன்று அந்தக் கூட்டத்தில் ஒருவர் குறுக்கே நின்று "இவங்க அந்த ஆளுகளா இல்லாட்டி?" என்று கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நாங்கள் பலமுறை யோசித்திருக்கிறோம்.

இனி நீங்கள் பேசுங்கள். உங்கள் வீட்டில், லயத்தில், ஊரில் கண்டதைச் சொல்லுங்கள். நாங்கள் சொன்னதில் பிழை தெரிந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.